நின்னு போன ஃபார்மசிஸ்ட் ரிஜிஸ்ட்ரேஷனை மறுபடி எடுக்கறதுக்கு எதை மொதல்ல பண்ணோணும்

டி.ஃபார்ம் முடிச்சு, ஸ்டேட் ஃபார்மசி கவுன்சில்ல பேரைப் பதிஞ்சு, ஏழெட்டு வருசம் மருந்துக்கடைல நின்னுட்டு, அப்பறம் கொழந்தை, மாமியாருக்கு ஒடம்புக்கு முடியலைன்னு வேலையை விட்டவங்க நம்ம கோபி, பவானி, தாராபுரம் பக்கம் எத்தனையோ பேரு இருக்காங்க. நானும் அப்படித்தானுங்க. 2005ல ரிஜிஸ்டர் பண்ணினேன், ஈரோட்ல ஒரு கடைல 2013 வரைக்கும் வேலை பாத்தேன், ரெண்டாவது பையன் பொறந்ததும் நின்னுட்டேன். ரினியூவல் 2015 கடைசியோட முடிஞ்சு போச்சு, யாரும் கேக்கலை, நானும் கட்டலை. 2024 ஜனவரில மறுபடி வேலைக்குப் போலாம்னு சர்டிபிகேட்டை எடுத்துப் பாத்தப்பதான் அது செல்லாதுன்னு ஒறைச்சுது.

எனக்கு அதைத் திருப்பி எடுக்க பதினொரு மாசம் ஆச்சு. அடுத்த வருசம் என்ற நங்கை, தாராபுரத்துக்காரி, அதே வேலையை நாலு மாசத்துல முடிச்சுட்டா. ரெண்டு பேருக்கும் காயிதம் ஒண்ணுதான், கட்டணமும் ஒண்ணுதான். நான் எடுத்த எடுப்புல பணத்தைக் கட்டி அப்ளிகேஷன் போட்டேன், அவ அதைக் கடைசில போட்டா, வித்தியாசம் அவ்வளவுதானுங்க. அதனால இதை ஒழுங்கா வரிசையா சொல்லிர்றேன். நர்ஸ், டாக்டர், வக்கீலுக்கெல்லாம் வேற வேற சட்டம், இது ஃபார்மசிஸ்டுக்கு மட்டும்.

உங்க பேரு இப்ப எந்த நெலமைல இருக்குதுன்னு பாருங்க

"சஸ்பெண்ட் ஆயிருச்சு"ன்னு பொதுவா சொல்றோம், ஆனா அதுக்குள்ள ரெண்டு வேற வேற சங்கதி இருக்குது. 1948ம் வருச ஃபார்மசி சட்டத்துல 34வது பிரிவு ரினியூவல் கட்டணத்தைப் பத்தினது. கட்டணம் குறிச்ச தேதிக்குள்ள வரலைன்னா ரிஜிஸ்ட்ரார் பேரை ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்துருவாரு, ஆனா அப்படி எடுத்த பேரை நிபந்தனைகளோட திரும்பச் சேத்துக்கலாம்னும் அதே பிரிவுல எழுதியிருக்குது. நம்மள மாதிரி வேலையை விட்டு வீட்ல இருந்தவங்க முக்காவாசிப் பேரு இந்த வகைதான். இதுல யாரும் நம்ம மேல குத்தம் சொல்லலை, விசாரணையும் கெடையாது.

36வது பிரிவு வேற. அது ஒழுங்கு நடவடிக்கை. தப்பான தகவல் குடுத்துப் பதிஞ்சது, கோர்ட்ல தண்டனை வாங்கினது, தொழில்ல கேவலமான நடத்தைன்னு காரணம் இருந்தா கவுன்சிலோட நிர்வாகக் குழு நம்மள விசாரிச்சுட்டு பேரை எடுக்கும். அதை மொத்தக் கவுன்சிலும் உறுதி பண்ணோணும், உறுதி பண்ணினதுல இருந்து மூணு மாசம் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், மாநில அரசுக்கு அப்பீல் போறதுக்கு உத்தரவு கைக்கு வந்ததுல இருந்து 30 நாள் டைம். இந்த வகைல பேரு போனவங்க 37வது பிரிவுல ரெஸ்டோரேஷன் கேக்கோணும், அதுக்கு ஒரு வக்கீலைப் பாத்துட்டுப் போறது நல்லதுங்க. நான் எழுதறது 34ல போனவங்களுக்கு.

சோதிக்கறது சுலபம். ஒரிஜினல் சர்டிபிகேட்லயோ கடைசி ரினியூவல் ரசீதுலயோ எந்தத் தேதி வரைக்கும்னு போட்டிருக்கும், அதைக் குறிச்சுக்குங்க. அப்பறம் கவுன்சில் வெப்சைட்ல ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரைப் போட்டுத் தேடுங்க. அங்க பேரு வராட்டி பதறாதீங்க, பழைய நம்பர் நெறையா கம்ப்யூட்டர்ல ஏத்தாம நோட்டுலயே கெடக்கலாம். நம்பர், ரிஜிஸ்டர் பண்ணின தேதி, கடைசி ரினியூவல் தேதி மூணையும் எழுதி, "எனது பெயரின் தற்போதைய நிலையைத் தெரிவிக்கவும்"னு ஒரு கடிதம் மெயில்லயும் ரிஜிஸ்டர் போஸ்ட்லயும் கவுன்சிலுக்கு அனுப்பிருங்க. என்ற நங்கை மொத வேலையா இதைத்தான் பண்ணினா. அந்தப் பதில் கடிதம் கைல இருந்ததால பின்னாடி எந்த டேபிள்லயும் அவளை "நீங்க யாரு, எப்பப் பதிஞ்சீங்க"ன்னு கேக்கலை.

ஒரிஜினல் சர்டிபிகேட்டே தொலைஞ்சு போனவங்களுக்கு 39வது பிரிவு இருக்குது, கட்டணம் கட்டி டூப்ளிகேட் வாங்கிக்கலாம். தமிழ்நாடு போலீஸ் ஆன்லைன்ல ஆவணம் தொலைஞ்சதுக்கு ரிப்போர்ட் குடுக்கற வசதி வெச்சிருக்காங்க, அதை மொதல்ல எடுத்துக்குங்க.

எக்ஸிட் எக்ஸாம் எழுதச் சொல்லுவாங்களோன்னு ஒரு பயம் நெறையப் பேருக்கு இருக்குது. டி.ஃபார்ம் எக்ஸிட் எக்ஸாம் 2022ம் வருச விதிமுறைல வந்தது, அதுக்கப்பறம் படிச்சு மொதத் தடவை பதிவு பண்ணப் போற பசங்களுக்கானது. நாம புதுசா பதியலைங்க, இருந்த பேரைத் திருப்பிச் சேக்கச் சொல்றோம். அப்ளிகேஷன் போடறப்பவும் இதை நெனப்புல வெச்சுக்குங்க, "நியூ ரிஜிஸ்ட்ரேஷன்"ங்கறதைத் தப்பித்தவறி அமுத்திராதீங்க.

பழைய கடைல இருந்து பேரைக் கழட்டுங்க

எனக்கு அஞ்சு மாசத்தைத் தின்னது இதுதானுங்க. இதை யாருமே முன்னாடி சொல்ல மாட்டாங்க.

மருந்துக்கடை லைசென்ஸ் ஃபாரம் 20, 21ன்னு இருக்கும், அதுல அந்தக் கடையோட ஃபார்மசிஸ்ட் யாருன்னு பேரும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் இருக்கும். ஃபார்மசிஸ்ட் மாறினா ஒரு மாசத்துக்குள்ள மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவிக்கோணும்ங்கறது லைசென்ஸோட நிபந்தனைலயே இருக்குது. அந்தப் பொறுப்பு கடைக்காரருக்கு. ஆனா அவரு தெரிவிக்கலைன்னா மாட்டறது நாமதான்.

நான் 2013ல வேலையை விட்டப்ப வாயாலதான் சொன்னேன், "அண்ணா, அடுத்த மாசத்துல இருந்து வரலைங்க"ன்னு. அவரும் "சரிங்க அம்மணி, கொழந்தையப் பாத்துக்குங்க"ன்னு அனுப்பி வெச்சாரு. என்ற சர்டிபிகேட்டோட கலர் ஜெராக்ஸ் அந்தக் கடை செவுத்துல ஃப்ரேம் போட்டு அப்படியே தொங்கிட்டு இருந்திருக்குது. 2024ல நான் அப்ளிகேஷன் போட்டதுக்கப்பறம், புதுசா வேலைக்குச் சேரலாம்னு பேசி வெச்ச கடைக்காரரு என்ற நம்பரை லைசென்ஸ்ல ஏத்தப் போனா, நான் ஏற்கெனவே இன்னொரு கடைல ஃபார்மசிஸ்டா இருக்கறனாமா. பதினொரு வருசமா வீட்ல சோறாக்கிட்டு இருந்தவ, அரசாங்கக் கணக்குல ஈரோட்ல மருந்து குடுத்துட்டு இருந்திருக்கேன். இத்தனைக்கும் அதுல எட்டு வருசத்துக்கு மேல ரிஜிஸ்ட்ரேஷனே கெடையாது.

இது எவ்வளவு பெரிய சங்கடம்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கடைல ஒரு தப்பான மருந்து போயி ஒரு ஆளுக்கு என்னமாச்சும் ஆயிருந்தா, விசாரணைக்கு வர்ற பேரு என்றது. 2015ம் வருச ஃபார்மசி பிராக்டிஸ் விதிமுறைல, ஆள் இல்லாம சர்டிபிகேட்டை மட்டும் கடைல வெக்கறதும், ஒரு சர்டிபிகேட்டை ஒண்ணுக்கு மேற்பட்ட கடைல வெக்கறதும் தொழில் ஒழுங்கீனம்னு இருக்குது. அது நேரா 36வது பிரிவுக்குக் கொண்டு போயி விட்டுரும். சும்மா கட்டணம் கட்டாத கேஸா இருந்தது ஒழுங்கு நடவடிக்கை கேஸா மாறிரும்.

அதனால அப்ளிகேஷனுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. கடைசியா வேலை பாத்த கடைக்கு நேர்ல போயி, எந்தத் தேதியோட நின்னீங்கன்னு போட்டு ஒரு ரிலீவிங் லெட்டர் கடை சீலோட வாங்குங்க. சுவத்துல இருக்கற ஜெராக்ஸைக் கழட்டி வாங்கிருங்க. அந்த லெட்டரோட காப்பியை வெச்சு, "நான் இந்தத் தேதி முதல் இந்த நிறுவனத்தில் பணியில் இல்லை, உரிமத்திலிருந்து என் பெயரை நீக்கவும்"னு உங்க மாவட்ட மருந்து கட்டுப்பாட்டுத் துறை உதவி இயக்குநர் ஆபீஸுக்கு நீங்களே ஒரு மனு குடுத்து, ரெண்டாவது காப்பில சீலும் தேதியும் வாங்கிக்குங்க. கடைக்காரரு லெட்டர் குடுக்க மாட்டேன்னு இழுத்தடிச்சா அதையும் மனுல எழுதிருங்க. எனக்கு அவரு மூணு தடவை இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லி அனுப்பிச்சாரு, நாலாவது தடவை நான் மனுவை ஆபீஸ்ல குடுத்து அதோட காப்பியை அவருக்கு போஸ்ட்ல தாட்டி விட்டேன், அந்த வாரமே லெட்டர் வந்துருச்சு.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். நீங்க ரிஜிஸ்ட்ரேஷனை எடுக்கறீங்கன்னு தெரிஞ்சதுமே யாராச்சும் வந்து, "நீங்க கடைக்கே வர வேண்டாங்க, சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, மாசாமாசம் இவ்வளவு போட்டு விட்டர்றேன்"னு கேப்பாங்க. என்னையும் கேட்டாங்க, அதுவும் ஒறம்பரைல ஒருத்தர். குடுத்துராதீங்க. அந்தக் கடைல மாத்திரை வாங்கிட்டுப் போறது நம்ம ஊரு சனந்தான்.

பேரும் இனிஷியலும் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கோணும்

பொம்பளைங்களுக்கு இது பெரிய தொந்தரவு. பத்தாவது மார்க்‌ஷீட்ல அப்பா இனிஷியல், டிப்ளமோவுலயும் ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்லயும் அதே. கல்யாணத்துக்கப்பறம் எடுத்த ஆதார்ல வீட்டுக்காரரு இனிஷியல். அப்ளிகேஷன் ஆன்லைன்ல போறப்ப ஆதார் பேரும் ரிஜிஸ்டர் பேரும் ஒத்து வரலைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. எனக்கு ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம் போச்சு.

இதுக்கு ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, பேரு மாத்தினதா தமிழ்நாடு அரசிதழ்ல வெளியிட்டு, அதை வெச்சு கவுன்சில் ரிஜிஸ்டர்ல பேரை மாத்தறது. இன்னொண்ணு, ஆதாரை மார்க்‌ஷீட் பிரகாரம் மாத்திக்கறது. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் நல்லதுன்னு சொல்லுவேன், ஏன்னா பத்தாவது, டிப்ளமோ, ரிஜிஸ்ட்ரேஷன்னு மூணு காயிதம் ஒரு பக்கம் ஒத்துப் போகுது, மாறி நிக்கறது ஆதார் ஒண்ணுதான். ஆனா ஆதார்ல பேரை மாத்தறதுக்கு ஆயுசுக்கும் ரெண்டே தடவைதான் விடுவாங்க. அதனால ஈ-சேவை மையத்துல உக்காந்திருக்கற பையன் அவசரத்துல அடிக்கறதை நம்பிட்டு வராம, இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, புள்ளி இருக்குதா, இங்கிலீஷ் எழுத்துல ஒரு எழுத்து கூடுதா கொறையுதான்னு மார்க்‌ஷீட்டைப் பக்கத்துல வெச்சு எழுத்தெழுத்தா பாத்துட்டு அப்பறம் ஒப்புதல் குடுங்க.

ரெஃப்ரஷர் கோர்ஸ்

அதே 2015ம் வருச விதிமுறைலதான் இதுவும் வருது. ரினியூவலுக்கு அஞ்சு வருசத்துக்குள்ள கொறைஞ்சது ரெண்டு ரெஃப்ரஷர் கோர்ஸ், ஒவ்வொண்ணும் கொறைஞ்சது ஒரு நாள், போயிருக்கோணும். இந்தியன் ஃபார்மசி கவுன்சிலோ, ஸ்டேட் கவுன்சிலோ, தொழில் சங்கங்களோ நடத்தறது. நான் 2013ல நின்னதால எனக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. பழைய ஆளுங்க "பணத்தைக் கட்டினா முடிஞ்சுது"ன்னுதான் இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, அதைக் கேட்டுத்தான் நானும் கெட்டேன்.

நம்ம பக்கம் கோயமுத்தூர், ஈரோடு, குமாரபாளையம், நாமக்கல்னு ஃபார்மசி காலேஜுக்குக் கொறைச்சலே இல்லை, அடிக்கடி ஞாயித்துக்கெழமை செமினார், ஒர்க்‌ஷாப்னு எதாச்சும் நடக்கும். ஆனா செமினார் எல்லாமே ரெஃப்ரஷர் கோர்ஸ் ஆயிராது. பணம் கட்டறதுக்கு முன்னாடி நடத்தறவங்ககிட்ட கேளுங்க: இது ரினியூவலுக்குச் செல்லும்னு ஸ்டேட் கவுன்சில் ஒத்துக்கிட்டதா, சர்டிபிகேட்ல ரெஃப்ரஷர் கோர்ஸ்னு வார்த்தை வருமா, என்ற ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் அச்சாகுமா. இதுல ஒண்ணுக்குப் பதில் மழுப்பலா வந்தாலும் போகாதீங்க. நான் மொதல்ல போனது ஒரு அரை நாள் செமினார், சாப்பாடெல்லாம் நல்லாத்தான் போட்டாங்க, சர்டிபிகேட்ல "பங்கேற்றார்"னு மட்டும் இருந்துச்சு, அது எடுபடலை.

அதே மாதிரி பழைய சர்டிபிகேட் வெச்சிருக்கறவங்க, அது அஞ்சு வருசத்துக்கு முந்தினதான்னு தேதியைப் பாத்துக்குங்க. பேரு நின்னு போன ஆளு கோர்ஸுக்கு வரலாமான்னும் சில எடத்துல கேப்பாங்க. அங்கதான் மொதல்ல வாங்கி வெச்ச கவுன்சில் பதில் கடிதம் ஒதவும், "ரெஸ்டோரேஷனுக்காக வர்றேன்"னு காட்டினா போதும். நங்கை ரெண்டு கோர்ஸையும் ஒன்றரை மாச இடைவெளில முடிச்சா, அதுக்கப்பறந்தான் அப்ளிகேஷனைத் தொறந்தா.

அப்ளிகேஷன்

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் கைல இருந்தா இது ஒரு மத்தியானத்து வேலைதானுங்க. ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், கடைசி ரினியூவல் ரசீது, பத்தாவது, டிப்ளமோ, ஆதார், ஃபோட்டோ, ரெண்டு ரெஃப்ரஷர் சர்டிபிகேட், பழைய கடை ரிலீவிங் லெட்டர், இதெல்லாம் ஒரிஜினலை வெச்சு கலர்ல ஸ்கேன் பண்ணுங்க, ஃபோன்ல சாச்சுப் புடிச்ச படம் வேண்டாம். கூடவே ஒரு நோட்டரி அஃபிடவிட் போட்டு வெக்கறது நல்லது. அதுல எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் ஃபார்மசிஸ்டா வேலை பாக்கலை, ஏன் பாக்கலை, இந்தக் காலத்துல எந்தக் கடைக்கும் சர்டிபிகேட் குடுக்கலை, மேல கேஸ் எதுவும் இல்லைன்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்க. உங்க பேரு ஒரு கடை லைசென்ஸ்ல தவறிப் போயி இருந்திருந்தா அதையும் மறைக்காம எழுதி, நீக்கச் சொல்லிக் குடுத்த மனுவோட காப்பியைச் சேத்துருங்க. பொய்யான தகவல் குடுத்துப் பேரு ஏறினா அதுவே 36ல பேரை எடுக்கறதுக்கு ஒரு காரணம்.

கட்டணம் ரெண்டு பாகமா இருக்கும், விட்டுப் போன ரினியூவல் பாக்கி ஒண்ணு, திரும்பச் சேக்கற கட்டணம் ஒண்ணு. தொகை அப்பப்ப மாறும், அதனால பக்கத்து வீட்டுக்காரங்க போன வருசம் எவ்வளவு கட்டினாங்கன்னு கேக்காம அன்னைக்கு கவுன்சில் வெப்சைட்ல இருக்கறதைப் பாருங்க. புரோக்கர்கிட்ட போகாதீங்க. "நான் மெட்ராஸ்ல ஆளு வெச்சு முடிச்சுத் தர்றேன்"னு சொல்றவங்க பண்றதும் இதே ஆன்லைன் அப்ளிகேஷன்தான், ஆனா அதுல அவங்க ஃபோன் நம்பரையும் மெயிலையும் போட்டுருவாங்க, கவுன்சில்ல இருந்து கேள்வி வந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்ற கூடப் படிச்ச ஒருத்திக்கு அப்படித்தான் ஆச்சு, கேள்வி வந்து பதில் போகாமயே அப்ளிகேஷன் கெடப்புல கெடந்துச்சு.

போட்டதுக்கப்பறம் வாரத்துக்கு ஒருக்கா உள்ள போயி நெலமையைப் பாருங்க. கேள்வி வந்தா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கேட்ட காயிதத்தை மட்டும் ஏத்துங்க. பத்து காயிதத்தைச் சேத்துத் திணிச்சா அதுல இருந்து புதுசா ரெண்டு கேள்வி மொளைக்கும்.

உத்தரவு வர்ற வரைக்கும்

ரசீது வந்துருச்சு, நாளைக்கே கவுண்டர்ல நிக்கலாம்னு நெனைக்காதீங்க. பணம் கட்டின ரசீது ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிராது. 42வது பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் குடுக்கறது ரிஜிஸ்டர் பண்ணின ஃபார்மசிஸ்டோட வேலை. இது மீறினா தண்டனை உள்ள குத்தம். பேரு திரும்ப ஏறினாலும், ஏர்றதுக்கு முன்னாடி தனியா நின்னு குடுத்தது அதனால சரியாயிராது.

ஆனா அதுவரைக்கும் ஒரு வழி இருக்குது பாருங்க. இன்னொரு ஃபார்மசிஸ்ட் கூடவே நின்னு பாத்துக்கற கடைல ஹெல்ப்பரா இருக்கலாம். நான் கோபில ஒரு கடைல ரெண்டு மாசம் அப்படி இருந்தேன், அங்க இருந்த அக்காகிட்ட கத்துக்கிட்டது ரெண்டு ரெஃப்ரஷர் கோர்ஸைவிட அதிகம். பதினோரு வருசத்துல கை எவ்வளவு மறந்து போகுதுன்னு அங்கதான் தெரிஞ்சுது.

ஒரு நாள் பொழுதோட ஒரு பெரியவரு வந்தாரு, இன்சுலின் பாட்டில் வீட்ல இருக்குது, ஊசி மட்டும் குடு சாமின்னாரு. நான் ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச் பாக்கெட்டை எடுத்துட்டேன். அக்கா எட்டி என்ற கையைப் புடிச்சு, "பாட்டில் எதுன்னு கேட்டியா?"ன்னாங்க. பாட்டில் யூ 40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு செவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி யூ 100 இன்சுலினுக்கு. அந்தப் பெரியவரு 20 யூனிட் போடறவரு. யூ 100 சிரிஞ்ச்ல 20ங்கற கோடு வரைக்கும் இழுத்தா வர்றது 0.2 மில்லி, அந்தப் பாட்டில்ல அது வெறும் 8 யூனிட். சக்கரை எறங்கவே எறங்காது, டாக்டரு டோஸ் பத்தலைன்னு ஏத்துவாரு. இதுவே திருப்பி, யூ 100 இன்சுலினை செவப்பு மூடி சிரிஞ்ச்ல 20 கோட்டுக்கு இழுத்தா அரை மில்லி, 50 யூனிட், ஆளு தூக்கத்துலயே மயங்கிப் போயிருவாரு. நான் படிச்சப்பவும் இது பாடத்துல இருந்ததுதான். படிச்சது மண்டைல இருக்குது, கை வேற பாக்கெட்டை எடுக்குது. அன்னைக்கு இருந்து பாட்டிலையோ சீட்டையோ பாக்காம சிரிஞ்ச் எடுக்கறதில்லைன்னு வெச்சுக்கிட்டேன்.

படிக்காத புது விசயமும் இருக்குது. நான் கவுண்டரை விட்டு எறங்கின அடுத்த வருசம், 2014 மார்ச் 1ல இருந்து ஷெட்யூல் ஹெச்1 நடைமுறைக்கு வந்துருச்சு. செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாடிக், டிபி மாத்திரை, அல்பிரசோலாம், ட்ரமடால் இதெல்லாம் அதுல வருது. அட்டைல செவப்புல ஆர்எக்ஸ் குறியும், செவப்புக் கட்டத்துக்குள்ள எச்சரிக்கையும் இருக்கும். இதைக் குடுக்கறப்ப தனி ரிஜிஸ்டர்ல டாக்டரோட பேரு, விலாசம், நோயாளி பேரு, மருந்து, எத்தனை குடுத்தோம்னு அப்பவே எழுதோணும், அந்த நோட்டை மூணு வருசம் வெச்சிருக்கோணும். 2013க்கு முன்னாடி கடைல நின்னவங்களுக்கு இந்தப் பழக்கமே இருக்காது. பில் போட்டாச்சேன்னு விட்டுருவோம், இன்ஸ்பெக்டர் வந்தா மொதல்ல கேக்கறது அந்த நோட்டுதான். எழுதறது நின்னிருக்குதான்னு கண்டுபுடிக்க ஒரு வழி: ரேக்ல இருந்து ஒரு செஃபிக்ஸிம் பேட்ச்சை எடுத்து, வந்த பில்லுல எத்தனை ஸ்ட்ரிப், இப்ப இருக்கறது எத்தனை, நோட்டுல போனது எத்தனைன்னு கூட்டிப் பாருங்க. ஒத்து வரலைன்னா அந்தக் கடைல யாரோ எழுதாம குடுத்துட்டு இருக்காங்க. வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே நான் இதைப் பாத்துர்றேனுங்க, ஏன்னா நாளைக்கு செவுத்துல தொங்கப் போறது என்ற பேரு.

தடை பண்ணின கூட்டு மருந்துகளும் இப்படித்தான். 2016ல ஒரேயடியா 344, 2024 ஆகஸ்ட்ல 156ன்னு கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்துச்சு, எடையில கோர்ட் கேஸும் நடந்துச்சு. நம்ம மனசுல இருக்கறது பழைய பிராண்டு பேரு, காய்ச்சலுக்கு இது, வலிக்கு அதுன்னு வாய் தானா சொல்லும். பிராண்டை விட்டுட்டு அட்டைக்குப் பின்னால இருக்கற உள்ளடக்கத்தைப் படிச்சு, மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்போட பட்டியல்ல ஒத்துப் பாத்து, சந்தேகமானதைத் தனியா எடுத்து வெச்சு கடைக்காரருகிட்டச் சொல்லுங்க.

உத்தரவு வந்ததும்

பேரு திரும்ப ஏறின உத்தரவுல இருக்கற தேதியையும், அடுத்த ரினியூவல் தேதியையும் பாத்து மொதல்ல காலண்டர்ல குறிச்சுக்குங்க. வெப்சைட்ல உங்க நம்பர் வருதான்னு தேடிப் பாருங்க, எழுத்துப் பிழை இருந்தா அந்த வாரமே எழுதிப் போட்டுருங்க, நாளாச்சுன்னா அதுக்கு ஒரு அஃபிடவிட் கேப்பாங்க. வேலைக்குச் சேர்ற கடைல அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத் தேதியோட வாங்குங்க, உங்க பேரை லைசென்ஸ்ல சேக்கச் சொல்லி அவங்க குடுத்த மனுவோட காப்பியை ஒண்ணு வீட்டு ஃபைல்ல வெச்சுக்குங்க. வெள்ளை கோட்டும், பேரும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் போட்ட பேட்ஜும் அதே 2015ம் வருச விதிமுறைல இருக்கறதுதான்.

அடுத்த அஞ்சு வருசத்துக்கான ரெஃப்ரஷர் கணக்கு அன்னைக்கே ஓட ஆரம்பிச்சுரும். நங்கை பழைய ரெண்டையும் மாதிரி கடைசில ஓட வேண்டாம்னு, வருசத்துக்கு ஒண்ணு கெடைச்சாப் போறதுன்னு வெச்சிருக்கறா. சர்டிபிகேட்டெல்லாம் பீரோல பட்டுச் சேலைக்கு அடில ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருக்குது, மேல அடுத்த ரினியூவல் தேதியை மார்க்கர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கறா.